"பார்த்துக்கொள்கிறேன்" என்ற பத்தியை எண்ணுள்ள ஒற்றை வரிகளாக்குவது: அக்கவுண்ட்ஸ் ரெஸ்யூமேக்கு முழுமையான வழிகாட்டி

பீன்யாவிலோ பொம்மசந்திராவிலோ ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் ஐந்தாறு வருடம் அக்கவுண்ட்ஸ் பார்த்துவிட்டு, அவுட்டர் ரிங் ரோடு பக்கமோ மான்யதா டெக் பார்க்கிலோ உள்ள பன்னாட்டு நிறுவனத்தின் ஃபைனான்ஸ் பிரிவுக்கு மாற நினைக்கும் தமிழர்கள் பெங்களூரில் நிறையப் பேர். வேலை நன்றாகத் தெரிந்தவர்கள். ஆனால் ரெஸ்யூமேயில் அந்த ஐந்து வருடமும் ஒரே பத்தியாக அடைந்து கிடக்கும். அந்தப் பத்தியை எப்படி உடைப்பது, எண்ணை எங்கிருந்து எடுப்பது, ஒரே வரிக்குள் எப்படி அடக்குவது என்பதை ஓர் உதாரணத்தை வைத்தே கடைசிவரை பார்ப்போம். உதாரணத்தில் வரும் எண்கள் விளக்கத்துக்காக அமைத்தவை.

ஆங்கில ரெஸ்யூமேயில் இருக்கும் பத்தி, தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்:

> தற்போதைய நிறுவனத்தில் வெண்டார் பில்களைச் சரிபார்த்து டேலியில் என்ட்ரி போடுவது, ஜிஎஸ்டி ரிகன்சிலியேஷன், வெண்டார் பேமென்ட், வெண்டார் கேள்விகளுக்குப் பதில் சொல்வது, மாதக் கடைசி க்ளோசிங் ஆகியவற்றைப் பார்த்துக்கொள்கிறேன். ஆடிட் சமயத்தில் ஆடிட்டருக்கு வேண்டியதை எடுத்துக் கொடுப்பேன். நிர்வாகம் கொடுக்கும் மற்ற வேலைகளையும் நேரத்துக்கு முடித்துத் தருவேன்.

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அதே நாற்காலியில் உட்கார்ந்த எவரும் இதையே எழுதலாம். சிக்கல் "பார்த்துக்கொள்கிறேன்" என்ற சொல்லில் இருக்கிறது. தமிழில் அந்த ஒரு சொல் பொறுப்பு, அக்கறை, உழைப்பு எல்லாவற்றையும் சுமக்கும். அதை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகும்போது "லுக்கிங் ஆஃப்டர்", "ஹேண்ட்லிங்" என்று ஆகிவிடுகிறது. என்ன செய்தீர்கள், செய்ததால் என்ன மாறியது என்ற இரண்டும் அங்கே காணாமல் போய்விடும்.

முதலில் வினையை வைத்து வெட்டுங்கள்

பத்தியைக் காகிதத்தில் எழுதி, ஒவ்வொரு வினைக்கும் அடியில் கோடு போடுங்கள். சரிபார்ப்பது, என்ட்ரி போடுவது, ஒப்பிடுவது, பணம் அனுப்புவது, பதில் சொல்வது, க்ளோஸ் செய்வது, எடுத்துக் கொடுப்பது, முடித்துத் தருவது. எட்டு வினைகள். ஒவ்வொன்றையும் தனி வரியாக ஓர் எக்செல் ஷீட்டில் இடது பக்கம் எழுதி, அதன் வலப்புறம் நான்கு கட்டங்கள் போடுங்கள்: முன்பு எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது, நான் என்ன மாற்றினேன், இதற்கு ஆதாரம் எங்கே.

ஷீட்டை நிரப்பத் தொடங்கினாலே பாதி வரிகள் தாமாக உதிர்ந்துவிடும். "மற்ற வேலைகளை முடித்துத் தருவேன்" என்பதற்கு நான்கு கட்டமும் காலி, அதை எடுத்துவிடுங்கள். சரிபார்ப்பதும் என்ட்ரி போடுவதும் ஒரே வேலையின் இரண்டு பாதி, சேர்த்துவிடுங்கள். ஆடிட்டருக்கு எடுத்துக் கொடுப்பது எல்லா அக்கவுண்ட்ஸ் ஆட்களும் செய்வது. ஆடிட்டர் எழுப்பிய கேள்விகள் முந்தைய ஆண்டைவிடக் குறைந்ததற்குப் பட்டியல் கையில் இருந்தால் மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

"நான் என்ன மாற்றினேன்" என்ற கட்டத்தைத்தான் பலர் காலியாக விடுவார்கள், மாற்றம் என்றால் பெரிதாக ஏதோ செய்திருக்க வேண்டும் என்று நினைத்து. ஒரு பட்டியலைப் பத்து நாள் முன்னதாக அனுப்பத் தொடங்கியதும் மாற்றம்தான். கீழே வரப்போகும் முக்கியமான வரி அப்படிப்பட்ட ஒன்றிலிருந்துதான் பிறக்கிறது.

எண் எங்கே கிடைக்கும்

நினைவிலிருந்து எழுதாதீர்கள். நினைவு எப்போதும் முழு எண்ணாக, நமக்குச் சாதகமாகத்தான் சொல்லும். டேலிபிரைமில் `Alt+G` அழுத்தி `Statistics` என்று தட்டினால், எந்த வகை வவுச்சர் எத்தனை என்று வந்துவிடும். காலத்தை ஒரு நிதியாண்டாக வைத்து, பர்ச்சேஸ் வவுச்சர் எண்ணிக்கையை 12-ஆல் வகுத்தால் மாத சராசரி. நம் உதாரணத்தில் வருடத்துக்கு 5,040 பர்ச்சேஸ் வவுச்சர், அதாவது மாதம் 420 பில். கம்பெனியில் இரண்டு பேர் என்ட்ரி போடுகிறார்கள் என்றால் 420-ம் உங்களுடையது அல்ல. உங்கள் பங்கை மட்டும் எடுக்க வேண்டும். இங்கே ஒருவர்தான் என்று வைத்துக்கொள்வோம்.

420 என்பது வேலையின் அளவு மட்டுமே. அது விளைவு ஆகாது. "மாதம் 420 பில் என்ட்ரி போட்டேன்" என்று நிறுத்தினால் வரியில் பாதிதான் இருக்கிறது. அளவோடு சேர்ந்து ஏதோ ஒன்று குறைந்திருக்க வேண்டும், கூடியிருக்க வேண்டும், அல்லது சீக்கிரம் முடிந்திருக்க வேண்டும்.

ஒரு வரியை முழுதாக உருவாக்குவோம்: ஜிஎஸ்டி ரிகன்சிலியேஷன்

இந்த வேலையில் விளைவு ஒளிந்திருக்கும் இடம், கம்பெனிக்கு வராமல் தொங்கிக்கொண்டிருக்கும் உள்ளீட்டு வரி வரவு, அதாவது ஐடிசி. வெண்டார் தன் ஜிஎஸ்டிஆர்-1 ரிட்டர்னில் நம் பில்லைக் காட்டினால்தான் அது நம்முடைய ஜிஎஸ்டிஆர்-2பி-யில் வரும். 2022 ஜனவரி 1-லிருந்து அப்படி வராத பில்லுக்கு வரவு எடுக்க முடியாது. மாதாந்திர ஜிஎஸ்டிஆர்-1-க்குக் கெடு அடுத்த மாதம் 11-ம் தேதி. 2பி வருவது 14-ம் தேதி. நாம் ஜிஎஸ்டிஆர்-3பி ரிட்டர்ன் போட வேண்டியது 20-ம் தேதி. 2பி-யைத் திறந்து பார்த்த பிறகு வெண்டாரைத் துரத்தினால் அந்த மாதத்து வாய்ப்பு போய்விட்டது. அவர் அதன் பிறகு காட்டினாலும் அது அடுத்த மாத 2பி-யில்தான் வரும்.

நம் உதாரணத்தில் இருப்பவர் செய்த மாற்றம் இதுதான்: 14-ம் தேதிவரை காத்திருக்காமல், மாதம் பிறந்த முதல் வாரத்திலேயே ஒவ்வொரு வெண்டாருக்கும் அவருடைய பில் எண், தேதி, வரித்தொகைப் பட்டியலை மெயிலில் அனுப்பி, 11-ம் தேதிக்குள் அதைப் போடச் சொன்னார். முன்பு தவறவிடப்பட்ட பில்களின் பட்டியலும் அதே மெயிலில் போனது.

இப்போது எண்ணுக்கு வருவோம். 2023-24 நிதியாண்டின் ரிகன்சிலியேஷன் ஷீட்டிலிருந்து மாதக் கடைசியில் தொங்கிய ஐடிசியை எடுத்தால்: ஏப்ரல் 4.2 லட்சம், மே 3.9, ஜூன் 2.7. வருடக் கடைசியில் ஜனவரி 1.1, பிப்ரவரி 1.1, மார்ச் 0.5.

இங்கே கை நேராக ஏப்ரலுக்கும் மார்ச்சுக்கும்தான் போகும். 4.2-லிருந்து 0.5 என்றால் 88 சதவீதம் குறைவு. பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் விஷயம் தெரிந்தவர் நேர்காணலில் உடனே பிடித்துவிடுவார். சிறிய வெண்டார்களில் பலர் காலாண்டுக்கு ஒரு முறை ரிட்டர்ன் போடுபவர்கள். இடையில் உள்ள மாதங்களில் பில்லைக் காட்டும் விருப்ப வசதியைப் பயன்படுத்தாத வெண்டாரின் பில், காலாண்டின் கடைசி மாதத்து 2பி-யில்தான் வரும். அதனால் ஜூனிலும் மார்ச்சிலும் நிலுவை தானாகவே இறங்கும். காலாண்டின் முதல் மாதத்தைக் கடைசி மாதத்தோடு ஒப்பிட்டால், யாரும் எதுவும் செய்யாமலே ஒரு குறைவு தெரியும்.

ஆகவே காலாண்டை காலாண்டோடு ஒப்பிடுங்கள். முதல் மூன்று மாத சராசரி 3.6 லட்சம், கடைசி மூன்று மாத சராசரி 0.9 லட்சம். குறைவு 75 சதவீதம். 88-ஐ விடச் சிறியது, ஆனால் எந்தக் கேள்விக்கும் தாங்கும். மற்ற வேலைகளுக்கும் இதே முறைதான்: பருவத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும் எதையும், ஒரே பருவத்தின் சராசரிகளை வைத்தே ஒப்பிட வேண்டும்.

தமிழில் வரி இப்படி நிற்கும்: "வெண்டார்களை ஜிஎஸ்டிஆர்-1 கெடுவுக்கு முன்பே துரத்தி, தொங்கிய ஐடிசியை 9 மாதத்தில் ₹3.6 லட்சத்திலிருந்து ₹0.9 லட்சமாகக் குறைத்தேன்." தமிழில் வினை கடைசியில் வருகிறது. ஆங்கில ரெஸ்யூமேயில் அதே வினை முதல் சொல்லாக ஏற வேண்டும். தமிழ் வரிசையிலேயே யோசித்து எழுதும்போதுதான் ஆங்கில வரி "ஃபார் ஐடிசி பர்ப்பஸ், வெண்டார் ஃபாலோ-அப் வாஸ் டன்" என்று வால் முன்னும் தலை பின்னுமாக வந்து நிற்கும். தமிழ் வரியைக் கடைசிச் சொல்லிலிருந்து திருப்புங்கள்: குறைத்தேன், எதை, எவ்வளவிலிருந்து எவ்வளவுக்கு, எத்தனை மாதத்தில், எப்படி. தமிழ் எழுத்தில் எழுதிக்காட்டினால்: "கட் அன்கிளெய்ம்டு ஐடிசி ஃப்ரம் ₹3.6 லேக் டு ₹0.9 லேக் இன் 9 மந்த்ஸ் பை சேஸிங் வெண்டார்ஸ் பிஃபோர் ஜிஎஸ்டிஆர்-1 டேட்." 'ஐ' என்ற எழுவாய் வேண்டாம், ரெஸ்யூமே முழுவதுமே உங்களைப் பற்றியதுதான்.

மாற்றம் உங்களால் மட்டும் நடக்கவில்லை என்றால்

பேமென்ட் வரி கொஞ்சம் கவனமாகக் கையாள வேண்டியது. 2023-24 நிதியாண்டு முதல், குறு மற்றும் சிறு நிறுவனங்களுக்குத் தர வேண்டிய பணத்தை உரிய கெடுவுக்குள் தராவிட்டால், பணத்தை உண்மையில் தரும் வருடத்தில்தான் அதை வருமான வரியில் செலவாகக் கழிக்க முடியும். எழுத்து ஒப்பந்தம் இருந்தால் கெடு அதிகபட்சம் 45 நாள், இல்லையென்றால் 15 நாள். நம் உதாரணத்து நபர், கெடு நெருங்கும் பில்களை ஒவ்வொரு திங்களும் பட்டியலாக்கி உரிமையாளரின் மேசையில் வைத்தார். கெடு தாண்டிய பில்கள் 61-லிருந்து 7-க்கு வந்தன.

பணத்தை விடுவித்தவர் உரிமையாளர். "குறைத்தேன்" என்று எழுதினால் அவருடைய முடிவை நாம் எடுத்துக்கொண்டதாக ஆகும். அதற்காக வரியை விட்டுவிடவும் தேவையில்லை. வினையை உங்கள் கை பட்ட இடத்துக்கு இறக்குங்கள்: "கெடு நெருங்கும் பில்களை வாரந்தோறும் சுட்டிக்காட்டினேன், தாண்டியவை 61-லிருந்து 7 ஆயின." ஆங்கிலத்தில் 'ஃபிளாக்டு' என்ற வினை இதற்குச் சரியாகப் பொருந்தும். 'லெட்', 'ஸ்பியர்ஹெடட்' போன்ற வினைகள் உங்களுக்குக் கீழே ஆட்கள் இருந்தார்களா என்ற கேள்வியைக் கூடவே இழுத்து வரும். மாதக் கடைசி க்ளோசிங்குக்கும் இதே கவனம் வேண்டும். நான்கு பேர் சேர்ந்து ஏழாவது வேலைநாளிலிருந்து நான்காவது வேலைநாளுக்குக் கொண்டுவந்திருந்தால், "நால்வர் குழுவில்" என்ற சொல்லும் வரியில் இடம்பெற வேண்டும். முடிந்தால் உங்கள் பகுதி எந்த நாளிலிருந்து எந்த நாளுக்கு வந்தது என்பதை மட்டும் சொல்லுங்கள்.

எண்ணே இல்லாத வேலைக்கு

வெண்டார் கேள்விகளுக்குப் பதில் சொல்வதை யாரும் எண்ணி வைப்பதில்லை. இங்கேதான் "60% குறைந்தது" போன்ற காற்றில் பிறந்த எண்கள் ரெஸ்யூமேக்குள் நுழைகின்றன. இரண்டு நேர்மையான வழிகள் உண்டு. மெயிலில் வந்த கேள்விகள் என்றால், சாதாரணமான நான்கு வாரங்களைத் தேர்ந்து, மாதக் கடைசி வாரத்தையும் அதில் சேர்த்து எண்ணுங்கள். சராசரியை "சுமார்" என்று போட்டு எழுதலாம். தொலைபேசியில் வந்தவை என்றால் எண்ணவே முடியாது. அப்போது விளைவைத் தேடாமல் பரப்பை மட்டும் சொல்லுங்கள்: 85 வெண்டார்கள், நான்கு மாநிலங்கள், பேமென்ட் போன அன்றே விவர மெயில். ஐந்து வரியில் ஒரு வரி இப்படி இருந்தால் குறையில்லை. எல்லா வரியிலும் சதவீதம் இருந்தால்தான் படிப்பவருக்குச் சந்தேகம் வரும்.

சதவீதத்தில் இன்னொரு பொறி உண்டு. நான்கு தவறு ஒன்றாகக் குறைந்ததும் 75%, ₹3.6 லட்சம் ₹0.9 லட்சம் ஆனதும் 75%. அடிப்படை எண் சிறிதாக இருந்தால் சதவீதத்தை விட்டுவிட்டு "4-லிருந்து 1" என்றே எழுதுங்கள். தவறு விகிதம் 4%-லிருந்து 1%-க்கு வந்தால் அதை "3% குறைவு" என்று எழுதக் கூடாது. அது மூன்று சதவீதப் புள்ளிகள். இரண்டு எண்ணையும் அப்படியே போட்டுவிட்டால் குழப்பம் இல்லை.

லட்சம், கோடி பற்றியும் ஒரு வார்த்தை. உள்ளூர் நிறுவனத்துக்கு லட்சம் என்றே எழுதலாம். பன்னாட்டு நிறுவனத்தில் உங்கள் ரெஸ்யூமே வெளிநாட்டு மேலாளர் ஒருவரிடமும் போகக்கூடும். அவருக்கு லட்சம் புரியாது. அப்போது 3.6 லட்சத்தை ₹360,000 என்று மூன்று மூன்று இலக்கமாகப் பிரித்து எழுதுங்கள். ஒரே ரெஸ்யூமேயில் இரண்டு முறையும் கலக்கக் கூடாது.

ஒரே வரிக்குள் அடக்குவது

ஏ4 தாளில், இரு பக்கமும் ஓர் அங்குலம் ஓரம் விட்டு, கேலிப்ரி 11 அளவில் எழுதினால் புல்லட்டுக்குப் பின் ஏறத்தாழ 80 முதல் 90 ஆங்கில எழுத்துகள் பிடிக்கும், இடைவெளியையும் சேர்த்து. மேலே உருவாக்கிய வரியில் 'லேக்' என்பதை ஒற்றை எழுத்தாகச் சுருக்கினால் 87 வருகிறது, விளிம்பில் நிற்கிறது.

தாண்டினால் வெட்டும் வரிசை முக்கியம். முதலில் 'சக்சஸ்ஃபுல்லி', 'எஃபெக்டிவ்லி' போன்ற அலங்காரங்கள் போகட்டும். அடுத்து வேலையின் பெயரிலேயே அடங்கிவிட்ட சொற்கள்: "டேலியைப் பயன்படுத்தி" என்பது திறன்கள் பகுதியில் ஏற்கெனவே இருக்கும். அதற்கும் பிறகுதான் காலம். எண்ணையும் "எப்படி" என்பதையும் கடைசிவரை தொடாதீர்கள், ஏனென்றால் அந்த இரண்டையும் வைத்துத்தான் நேர்காணலில் பேச்சே தொடங்கும். எழுத்தளவை 9-க்குக் குறைத்து அடக்குவது வேண்டாம். இரண்டாம் வரியில் ஒற்றைச் சொல் மட்டும் தொங்கினால், அந்த வரியில் இன்னும் ஒரு தேவையற்ற சொல் ஒளிந்திருக்கிறது என்று பொருள்.

இப்போதைய வேலைக்கு நான்கு அல்லது ஐந்து வரி போதும். நம் உதாரணத்தில் ஐடிசி முதலில், 45 நாள் பில்கள் அடுத்து, பிறகு க்ளோசிங், பிறகு 420 பில்லும் 85 வெண்டாரும் சேர்ந்த ஒரு வரி. பழைய வேலைக்கு இரண்டு. முடிந்துபோன விளைவு இறந்தகாலத்தில், இன்றும் நடக்கும் வேலை நிகழ்காலத்தில்.

அனுப்பும் முன்

அந்த எக்செல் ஷீட்டைத் தூக்கிப் போடாதீர்கள். நேர்காணலுக்கு முதல் நாள் அதுதான் உங்கள் பாடப்புத்தகம். ஆனால் அதில் உங்கள் கணக்கீடு மட்டும் இருக்கட்டும். கம்பெனியின் டேலி டேட்டாவையோ வெண்டார் லெட்ஜரையோ சொந்த மெயிலுக்கு அனுப்பி வைப்பது ஒப்பந்த மீறலாகலாம். வெண்டார் பெயர்கள் ரெஸ்யூமேயில் வரவே கூடாது. தொகையே வெளியில் போகக் கூடாதது என்று தோன்றினால் "75% குறைத்தேன்" என்று விகிதத்தை மட்டும் வையுங்கள்.

ஒவ்வொரு வரியையும் நண்பர் ஒருவரிடம் கொடுத்து இரண்டே கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: "எப்படி அளந்தீங்க?", "மிச்சம் ஏன் குறையலை?" இரண்டாவதைப் பலர் எதிர்பார்ப்பதே இல்லை. நம் உதாரணத்தில் அந்த 0.9 லட்சத்துக்கு விடை ஏற்கெனவே கையில் இருக்கிறது: பெரும்பகுதி காலாண்டு ரிட்டர்ன் போடும் சிறு வெண்டார்களுடையது, காலாண்டு முடிவில் தானாக வந்துவிடும். தன் வேலையின் எல்லை எங்கே என்று தெரிந்தவர் தரும் பதில் அது.

பிடிஎஃப் ஆக்கிய பிறகு, முழுவதையும் தேர்ந்து காப்பி செய்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். வேலைவாய்ப்புத் தளங்களின் மென்பொருள் படிப்பதும் கிட்டத்தட்ட இந்த வெறும் எழுத்தைத்தான். கட்டத்துக்குள் போட்ட வரிகள் இடம் மாறியிருந்தால் கட்டத்தை நீக்கிச் சாதாரணப் புல்லட் ஆக்குங்கள். ₹ குறி கேள்விக்குறியாகவோ வெற்றுக் கட்டமாகவோ வந்திருந்தால், எல்லா இடத்திலும் `INR` என்று மாற்றி, நீளம் கூடியதால் எந்த வரி மடிந்தது என்று மறுபடி ஒரு முறை பார்த்துவிடுங்கள்.